தண்ணீர் வெட்டுக்குப் பின் வரும் மஞ்சள் நீர்

"இரண்டு நாள் தண்ணீர் வெட்டு முடிந்ததும் பைப்பில் மஞ்சளாக வருகிறது. தோட்டத்து வீட்டின் இரும்புக் குழாயை மாற்ற வேண்டுமா?"

வணக்கம் ஐயா. அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். முதலில் மீட்டரை அடுத்துள்ள வெளிப் பைப்பைத் திறந்து, நீரை வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். அங்கேயே மஞ்சளாக வந்தால், திரும்பிய நீரின் வேகம் பெருங்குழாயின் அடியில் படிந்திருந்த வண்டலைக் கிளப்பியிருக்கிறது. அண்டை வீடுகளிலும் அப்படியே இருக்கும், ஓடவிட்டால் தெளியும். அதுவரை கூரைத் தாங்கிக்குச் செல்லும் வால்வை மூடிவையுங்கள், இல்லையேல் வண்டல் தாங்கியின் அடியில் தங்கிவிடும்.

எங்கள் பழைய லயத்து வீட்டிலோ வெளிப் பைப்பில் தெளிந்த நீர் வந்தது. சமையலறையில் மட்டும், வெட்டே இல்லாத நாள்களிலும், விடியற்காலையில் முதல் இரண்டு குவளை தேநீர் நிறத்தில் வந்தது. குழாயை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே துருக்கட்டி மண்டி, சுண்டுவிரல்கூட நுழையவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் மாற்றத்தான் வேண்டும்.