செருப்புப் போட அனுமதி கொடுத்த கல்வெட்டு

கேள்வி: "சாதி காலத்துக்குக் காலம் மாறியது என்று தொடர்ந்து எழுதுகிறீர்கள். ஆனால் யார் மேல், யார் கீழ் என்பது ஆதியிலேயே முடிவானது, அதற்குக் கல்வெட்டே சாட்சி என்கிறார் எங்கள் சாதிச் சங்கத் தலைவர். எது சரி?" (வாசகர், கரூர்)

பதில்: கல்வெட்டைச் சாட்சிக்கு அழைத்த பிறகு அதை முழுவதும் பேசவிட வேண்டும். சங்க மலர்களிலும் சாதி வரலாற்றுச் சிறுநூல்களிலும் நான் பல வருடங்களாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். நாற்பது வரிக் கல்வெட்டில் தங்கள் சாதிப் பெயர் வரும் அரை வரியை மட்டும் எடுத்துப் போடுவார்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், எதற்காக வெட்டினார்கள், அடுத்த வரி என்ன சொல்கிறது, எதுவும் இருக்காது.

நீங்கள் கரூர்க்காரர் என்பதால் உங்கள் ஊர்க் கல்வெட்டிலேயே ஆரம்பிக்கிறேன். பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ஓர் அரசாணை இருக்கிறது. கொங்குச் சோழர் காலத்தது. வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு, அதாவது தச்சர், கொல்லர், தட்டார், கன்னார், கல்தச்சர் ஆகியோருக்கு, அரசன் சில உரிமைகளைத் தருகிறான். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலில் செருப்புப் போடலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். அரசனின் பதினைந்தாம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல் இது நடைமுறைக்கு வருகிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். செருப்புப் போடலாம் என்று ஒருவருக்கு அரசன் ஆணை போடுகிறான் என்றால், அதற்கு முந்தைய ஆனி மாதம் வரை அவர் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டியிருந்தது. கோயிலுக்கே சிலை வடிக்கிற கை, தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசக் கூடாது என்று தடை இருந்திருக்கிறது. அந்தக் கொடுமைக்கு இந்தக் கல்வெட்டு சாட்சி. அதே வரி, அந்தத் தடை ஒரு குறிப்பிட்ட மாதத்தில் விலக்கப்பட்டது என்பதற்கும் சாட்சி. ஆதியில் முடிவான ஒன்றை அரசன் ஓர் ஆடி மாதத்தில் எப்படி மாற்ற முடியும்?

இன்னொரு கல்வெட்டு, திருச்சிக்கு வடக்கே ஊட்டத்தூரில். மூன்றாம் குலோத்துங்கனின் நாற்பதாம் ஆட்சியாண்டு, அதாவது 1218. இடங்கைப் பிரிவைச் சேர்ந்த தொண்ணூற்றெட்டுச் சாதியாரும் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். இடங்கை என்று சொன்னால் இன்றைக்குப் பலருக்குப் புரியாது. சோழர் காலத்திலிருந்து பல நூற்றாண்டுகள் தமிழ்நாட்டின் சாதிகளில் பெரும்பகுதி வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்து கிடந்தது. கம்மாளர்கள் இடங்கையின் முக்கியமான சாதி. பறையர் வலங்கை. பிராமணர் இந்தப் பிரிவினைக்கு வெளியே தங்களை வைத்துக்கொண்டார்கள்.

ஊட்டத்தூரில் கூடியவர்கள் என்ன சொன்னார்கள்? காசியப முனிவரின் வேள்வியைக் காக்க அக்கினி குண்டத்திலிருந்து பிறந்தவர்கள் நாங்கள் என்றார்கள். அரிந்தமச் சக்கரவர்த்தி கங்கைக்கும் யமுனைக்கும் நடுவிலுள்ள அந்தர்வேதியிலிருந்து பிராமணர்களை அழைத்து வந்தபோது அவர்களுக்குச் செருப்பும் குடையும் சுமந்துகொண்டு கூடவே வந்தோம் என்றார்கள். அடுத்தபடியாகத்தான் விஷயம் வருகிறது. இந்த நாற்பதாம் ஆண்டு முதல் நாங்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருப்போம், ஒருவருக்கு வரும் நன்மை தீமை எல்லாருக்கும் உண்டு, இடங்கையாருக்கு இழிவு வந்தால் உரிமை நிலைநாட்டப்படும் வரை சேர்ந்து நிற்போம். கொக்கிறகும் அவிழ்த்துத் தொங்கவிட்ட கூந்தலும் தங்கள் அடையாளம் என்றும் சொல்லிவைத்தார்கள்.

ஆதியிலிருந்தே ஒரு தாய் மக்களாக இருந்தவர்கள் 'இந்த ஆண்டு முதல் அப்படி இருப்போம்' என்று எழுதி வைக்க மாட்டார்கள். அக்கினி குண்டக் கதையும் கூட்டணி ஒப்பந்தமும் ஒரே கல்லில் இருக்கின்றன. கூட்டணிக்கு ஒரு பழமை தேவைப்பட்டது, அதற்காகக் கதை வந்தது. உங்கள் தலைவர் கையில் எந்தச் சாதியின் தோற்றக் கதை இருந்தாலும், அது எந்த ஆண்டில், எந்த உரிமைக்காக முதன்முதலில் சொல்லப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் பின்னால் ஒரு வழக்கோ, ஒரு வரியோ, கோயில் மரியாதையோ இருக்கும்.

வலங்கை என்ற பெயரும் ஆரம்பத்தில் சாதி அணியின் பெயர் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் ராஜராஜன் கல்வெட்டுகளில் வலங்கை வேளைக்காரப் படைகள் வருகின்றன. அங்கே அது சேனைப் பிரிவு. முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த புதிதில் பாபநாசம் பக்கம் ராஜமகேந்திரச் சதுர்வேதிமங்கலத்தில் இரு கையாரும் மோதி, ஊர் எரிந்து, கோயில் கொள்ளை போனதைக் கல்வெட்டு சொல்கிறது. படையின் பெயர் மெல்ல மெல்ல ஊர்ச் சாதிகளின் பெயராகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. இவையெல்லாம் நமக்குத் தெரிவது கோயில் சுவர்களால். அந்தச் சுவர்களைத்தான் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு இயந்திரம் வைத்துச் சுரண்டினார்கள். சுவர் பளபளவென்று ஆகிவிட்டது, எழுத்து போய்விட்டது. வெள்ளை அடித்து மூடியவை, தரைக்கல்லாகப் போட்டு மிதிபட்டவை வேறு. சாதிப் பெருமைக்குக் கல்வெட்டைக் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்க் கல்வெட்டைக் காப்பாற்ற மனு போட்டிருக்கிறார்கள்? இதை முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன். சரி, விஷயத்துக்கு வருவோம்.

வலங்கையும் இடங்கையும் பரம்பரை எதிரிகள் என்று நினைத்தால் அதுவும் தவறு. 1429இல் விஜயநகர ஆட்சியின்போது ஆடுதுறை, கொறுக்கை போன்ற ஊர்களில் வெட்டிய கல்வெட்டுகளில் இரண்டு கையாரும் ஒன்றாக வருகிறார்கள். விளைச்சலுக்குத் தக்கபடி வரி வாங்காமல் அநியாயமாக வாங்குகிறார்கள், ஊரில் காணி வைத்திருக்கும் பிராமணரும் வெள்ளாளரும் அதிகாரிகளுக்கு உடந்தை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இன்ன வரியை இவ்வளவுதான் கொடுப்போம் என்று இரு தரப்பும் சேர்ந்து தீர்மானம் போட்டார்கள். வரி என்று வந்தபோது, எரிந்த ஊர்களின் பகை பின்னுக்குப் போனது.

பிறகு சென்னைப் பட்டணத்தில் அதே பகை வேறு காரணத்துக்காகக் கிளம்பியது. இரு அணிகளிலும் ஆங்கிலேயக் கம்பெனிக்குத் துணி பிடித்துக் கொடுக்கும் வியாபாரிகள் இருந்தார்கள். கோமுட்டிச் செட்டிகள் வலங்கைப் பக்கம், பேரிச் செட்டிகள் இடங்கைப் பக்கம். ஒப்பந்தம் யாருக்கு என்ற போட்டி, எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போகலாம் என்ற சண்டையாக வெடித்தது. 1652இலேயே தெரு பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1707இல் தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது மறுபடியும் கலவரம், வலங்கையார் பலர் பட்டணத்தைவிட்டுச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள்.

கல்யாணப் பந்தலுக்குப் பன்னிரண்டு கால் நடும் உரிமை வலங்கைக்கே உண்டு, இடங்கைக்குப் பதினொன்றுக்கு மேல் கூடாது என்று ஒரு வழக்கம். யார் கொடியில் என்ன சின்னம், யார் குதிரையில் போகலாம் என்பதற்கும் தகராறு. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு அந்தப் பன்னிரண்டாவது காலைப் பிடுங்க ஆட்கள் கம்போடு வந்தார்கள். எண்ணூறு ஆண்டுகள் போல நின்ற பிரிவினை இது. உங்கள் குடும்பம் எந்தக் கை என்று உங்கள் தலைவரைக் கேட்டுப் பாருங்கள். அநேகமாகத் தெரியாது. பந்தலில் எத்தனை கால் என்று இன்று எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் எண்ணுவதில்லை.

எப்படிப் போனது? யாரும் சட்டம் போட்டு ஒழிக்கவில்லை. பட்டணத்து வியாபாரத்தில் கம்பெனிக்கு அந்த இரண்டு அணித் தலைவர்களின் தயவு தேவைப்படாமல் போனது. மரியாதைச் சண்டைகள் கோர்ட்டுக்குப் போனபோது அங்கே வாதம் வேறு மாதிரி இருந்தது. 1818இல் சித்தூர் அதாலத் கோர்ட்டில் கம்மாளர்கள் ஒரு வழக்கில் ஜெயித்தார்கள். தங்கள் வீட்டுக் கல்யாணத்தைத் தாங்களே வேத முறைப்படி நடத்திக்கொள்வோம், பிராமணப் புரோகிதர் தடுக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. சாந்து பூச அரசனிடம் அனுமதி வாங்கியவர்களின் வழிவந்தவர்கள், விசுவகர்மப் பிராமணர் நாங்களே என்று சாஸ்திரம் காட்டி வாதாடினார்கள். அதற்கு இடங்கை என்ற அணி தேவைப்படவில்லை. அப்புறம் 1871 முதல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு சாதிகளைப் பட்டியலிட, 1901இல் கணக்கெடுப்பு ஆணையர் ரிஸ்லி சாதிகளை மதிப்பு வரிசைப்படி அடுக்கச் சொல்ல, எங்களை இன்ன இடத்தில் போடு என்று மனுக்கள் குவிந்தன. அந்த மனுக்களை எழுதக் கிளம்பிய சபைகள் பல. இன்றைய சாதிச் சங்கங்களுக்கு அந்தச் சபைகள்தான் முன்னோடி.

மாறியது என்று நான் சொல்வதை, அந்தக் காலத்தில் சாதி லேசாக இருந்தது என்று எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. வலங்கைப் படைகளைச் சொல்லும் அதே ராஜராஜன் காலத்துத் தஞ்சைச் சுவர், ஊர்களில் வரி நீங்கிய இடங்களைச் சொல்லும்போது பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியாகக் குறிக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தீண்டாமைக்கு ஓர் இடமும் பெயரும் இருந்தன. சங்கு ஊதும் உரிமையைக் கம்மாளர்களும், பிறகு நெசவாளர்களான கைக்கோளர்களும் போராடி வாங்கினார்கள். அவர்கள் கையில் தொழில் இருந்தது, காசு இருந்தது, அரசனுக்கும் கோயிலுக்கும் அவர்கள் வேலை தேவைப்பட்டது. வலங்கையின் மானத்துக்காகப் பட்டணத்துத் தெருக்களில் முன்னால் நின்று அடிபட்ட பறையர்களுக்கு அந்த வெற்றிகளில் நிலமும் கிடைக்கவில்லை, கோயில் வாசலும் திறக்கவில்லை. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்தபோதுகூட அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்கள் இருந்தார்கள். அவர்களும் 'ஆதியிலிருந்தே இதுதான் வழக்கம்' என்றார்கள்.