கீஷின் அடி ஏன் நமுத்துப்போகிறது?

“காளானும் பசலைக்கீரையும் சேர்த்து ஓ.டி.ஜி.யில் கீஷ் செய்கிறேன். கண்ணாடிப் பாத்திரத்தில் மாவை விரித்து, முட்டைக் கலவையை ஊற்றி, 180 டிகிரியில் 45 நிமிடம் வைக்கிறேன். மேல்பக்கம் அழகாகச் சிவந்துவிடுகிறது. வெட்டினால் அடிமாவு வெளுத்துப் பிசுபிசுவென்று இருக்கிறது. நடுவில் கத்தி செருகி, சுத்தமாக வரும்வரை விட்டால் முட்டை பொத்தல் பொத்தலாகித் தண்ணீர் விடுகிறது. எங்கே தவறு?”

மாவும் முட்டைக் கலவையும் ஒரே சூட்டில், ஒரே நேரத்தில் வேக வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் தவறு. அடிமாவு மொறுமொறுப்பாக வேண்டுமானால் அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறி, மாவின் சூடு 100 டிகிரியை நன்றாகத் தாண்டியாக வேண்டும். பச்சை மாவின்மேல் அரை லிட்டர் திரவத்தை ஊற்றிவிட்டால், அந்தத் திரவம் கெட்டியாகும்வரை மாவு ஈரத்துக்கு அடியிலேயே கிடக்கிறது. அதன் மாச்சத்து நீரை உறிஞ்சிக் கூழாகிறதே தவிர, வறுபடுவதில்லை. முட்டைக் கலவைக்கோ ஏறத்தாழ 75 டிகிரியே போதும். 85-ஐ நெருங்கினால் முட்டையின் புரதம் இறுகிச் சுருங்கி, பிடித்துவைத்திருந்த நீரைக் கக்கிவிடும். ஆகவே டின்னில் விரித்த மாவை, அதாவது கீஷின் ஓட்டை, முதலில் தனியாக, கடும் சூட்டில், முழுமையாகச் சுட்டெடுத்து, பிறகு உள்ளீட்டை ஊற்றி மிதமான சூட்டில் வேகவைக்க வேண்டும்.

பாத்திரத்திலிருந்து தொடங்குவோம். கண்ணாடி மெதுவாகச் சூடேறும். அடி சிவந்துவிட்டதா என்று பார்க்க முடிவது மட்டுமே அதில் வசதி. அடித்தட்டு தனியே கழன்றுவரும், 23 செ.மீ. அகலமும் 3 செ.மீ. உயரமும் கொண்ட உலோக டின் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடியிலேயே தொடர்வதானால், குளிர்ந்த பாத்திரத்தைச் சுடச்சுட இருக்கும் தட்டின்மேல் வைக்காதீர்கள், வெடித்துவிடக்கூடும்.

இந்த அளவுக்கு 200 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, மாவு சேர்ந்து உருளும் அளவுக்கு மட்டும் 50 முதல் 60 மி.லி. ஐஸ் தண்ணீர் போதும். வெண்ணெய் உப்புள்ளதாக இருந்தால் உப்பை விட்டுவிடுங்கள். சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தால் மாவு ரப்பர்போல் இழுபட்டு, சுடும்போது விளிம்பிலிருந்து சரிந்து இறங்கும். ஆகவே திரட்டியதும் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். விரித்து டின்னில் பொருத்திய பின்பும் அரை மணி நேரம் குளிரட்டும். நம் ஊர் வெயிலில் சமையலறை மேடையில் வெண்ணெய் சில நிமிடங்களில் இளகிவிடுவதால், இந்த இரண்டு ஓய்வுகளில் எதையும் குறைக்காதீர்கள்.

அடுத்த கட்டத்தில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். மாவின்மேல் பட்டர் பேப்பரை மூலைமுடுக்கெல்லாம் படியும்படி விரித்து, அதில் கொண்டைக்கடலையையோ அரிசியையோ விளிம்புவரை நிரப்புங்கள். அடியில் மட்டும் ஒரு கைப்பிடி போட்டால் பக்கச் சுவர்கள் சரிந்துவிடும். (இந்தக் கடலை பிறகு குழம்புக்கு ஆகாது, ஆறவைத்து ஒரு டப்பாவில் போட்டுவைத்தால் அடுத்தடுத்த முறைக்கு உதவும்.) அடுப்பில் ஒரு தட்டைக் கீழ் அடுக்கில் வைத்து 200 டிகிரிக்கு 20 நிமிடம் சூடேற்றி, டின்னை அந்தத் தட்டின்மேல் வையுங்கள், சூடு அடியிலிருந்து உடனே ஏறும். சுமார் 25 நிமிடத்தில் விளிம்பு இறுகி, லேசாக நிறம் மாறும். பேப்பரோடு கடலையை எடுத்துப் பார்த்தால் அடிப்பகுதி ஈரப் பளபளப்போடு, வேகாத மாவு நிறத்தில் இருக்கும். இங்கேயே நிறுத்திவிடுவதால்தான் பல கீஷ்கள் கெடுகின்றன. சூட்டை 190-ஆகக் குறைத்து, வெற்று ஓட்டை மேலும் 10 முதல் 15 நிமிடம் சுடுங்கள். அடி முழுவதும் பிஸ்கட் நிறம் அடைந்து, விரலால் தட்டினால் காய்ந்த ஒலி வர வேண்டும். முட்கரண்டியால் அடியில் குத்தும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். கடலையின் பாரமே உப்பலைத் தடுத்துவிடுகிறது, துளை வழியாகக் கலவை கசியும் தொல்லையும் இல்லை. விரிசல் தெரிந்தால் மீதமுள்ள பச்சை மாவை மெல்லியதாக அப்பிவிடுங்கள். கடைசியாக, அடித்த முட்டையின் வெள்ளைக்கருவை அடியில் பூசி இரண்டு நிமிடம் காயவிட்டால் ஒரு மெல்லிய படலம் உண்டாகும். அது துணைக்காவல் மட்டுமே; அரைகுறையாகச் சுட்ட ஓட்டை அது காப்பாற்றாது.

உங்கள் உள்ளீட்டிலும் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. காளானும் பசலையும் நீர் நிறைந்தவை. 200 கிராம் காளானை அகலமான வாணலியில் வதக்கினால் முதலில் தண்ணீர் விடும். அது முழுவதும் வற்றி, காளான் சட்டியில் ஒட்டிச் சிவக்கத் தொடங்கும்வரை வதக்குங்கள். கீரையை வெந்நீரில் போட்டெடுத்து, ஆறியதும் துணியில் கட்டி இறுகப் பிழியுங்கள். இரண்டும் ஆறிய பிறகே ஓட்டில் பரப்ப வேண்டும்.

கலவைக்கு, முட்டை எடையைப்போல் இரு மடங்கு பாலும் கிரீமும் என்பது நல்ல கணக்கு. நம் முட்டைகள் ஓடு நீக்கினால் ஏறத்தாழ 45 கிராம்தான் வரும் என்பதால், நான்கு முட்டைக்கு 200 மி.லி. ஃப்ரெஷ் கிரீமும் 150 மி.லி. பாலும் சேருங்கள். நுரை வராமல் கலக்கி வடிகட்டி, சூடான ஓட்டை அடுப்பின் அடுக்கிலேயே வைத்துக்கொண்டு ஊற்றினால் சிந்தாது. சூடு 160 டிகிரி. நேரம் 35 நிமிடம் அளவில் ஆகும், ஆனால் 25-ஆவது நிமிடத்திலிருந்தே கவனிக்கத் தொடங்குங்கள். ஓ.டி.ஜி.யின் திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல சமயம் ஒத்துப்போவதில்லை என்பதால், உள்ளே வைக்கும் சிறு வெப்பமானி ஒன்று இருந்தால் நல்லது.

பதம் பார்க்க டின்னை லேசாக அசையுங்கள். நடு முழுவதும் அலைபோல் தளும்பினால் இன்னும் வேகவில்லை. விளிம்பைச் சுற்றி நான்கைந்து செ.மீ. இறுகி, நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் ஜெல்லிபோல் நடுங்கினால் அதுதான் எடுக்கும் நேரம்; உள்சூடு அடுப்புக்கு வெளியேயும் சற்று ஏறி, அந்த நடுவையும் இறுக்கிவிடும். நடுவிலேயே கத்தி சுத்தமாக வரும்வரை நீங்கள் காத்திருந்ததால், எடுத்த பிறகும் அது வெந்துகொண்டே இருந்திருக்கிறது. கத்திதான் பழக்கம் என்றால், விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் செருகிப் பாருங்கள். குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் நடுவில் 75 டிகிரி காட்டியதும் எடுத்துவிடலாம். மேலே உப்பி எழுந்துவிட்டால் தாண்டிப்போய்விட்டது என்று பொருள். இந்த அடையாளங்கள் முட்டை உள்ளீட்டுக்கு மட்டுமே. ஆப்பிள் பையில் நடுப்பகுதியிலும் சாறு கெட்டியாகக் கொதித்துக் குமிழி விட வேண்டும், அங்கே மாச்சத்துதான் சாற்றை இறுக்குகிறது.

வெளியே எடுத்ததும் கம்பி அடுக்கின்மேல் வைத்து, பத்து நிமிடம் கழித்து வளையத்தைக் கழற்றிவிடுங்கள். மேடையில் வைத்தால் அடியில் நீராவி தேங்கி, இவ்வளவு பாடுபட்டுச் சுட்ட ஓடு மறுபடி நமுக்கும். முக்கால் மணி நேரம் ஆறிய பிறகு வெட்டுங்கள். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மைக்ரோவேவில் சுடவைக்காமல், சூடேறிய தட்டின்மேல் 160 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் அடி மீண்டும் மொறுமொறுப்பாகும்.