டயப்பர் புண்ணுக்குப் பூஞ்சை மருந்து எப்போது தேவை?

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம் ஆகிறது. காது வலிக்காக ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, பிட்டம் சிவந்து புண்ணாகிவிட்டது. ஒரு வாரம் ஜிங்க் கிரீம் தடவியும் ஆறவில்லை. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பை நான்கு நாள் தடவியதும் மறைந்தது. நிறுத்திய மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாகச் சிவந்துவிட்டது. ட்யூபில் கிளோட்ரிமசோல், பெக்லோமெத்தசோன், நியோமைசின் என்று போட்டிருக்கிறது. அதையே மறுபடி தடவலாமா?
- ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்தக் களிம்பை மறுபடி தடவ வேண்டாம். ட்யூபின் மேல் இருக்கும் பெயர்களைப் படித்து எழுதினீர்களே, அதுவே எனக்குப் பாதி விடையைச் சொல்லிவிட்டது. மீதி விடை குழந்தையின் தொடை இடுக்கில் இருக்கிறது.

பகல் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் குழந்தையைப் படுக்க வைத்து, தொடைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள மடிப்பை இரண்டு விரல்களால் மெல்ல விரித்துப் பாருங்கள். ஈரத்தாலும் உராய்வாலும் வருகிற சாதாரண டயப்பர் புண், துணியோ டயப்பரோ நேராகப் படுகிற மேடான இடங்களில், அதாவது பிட்டத்தின் உருண்ட பகுதியிலும் தொடையின் உட்புறத்திலும் அடிவயிற்றிலும் சிவந்திருக்கும். மடிப்பின் ஆழத்தில் தோல் இயல்பான நிறத்திலேயே இருக்கும். பூஞ்சை சேர்ந்துகொண்டால் மடிப்புக்குள்ளும் சிவப்பு இறங்கிவிடும். அது வெளிர் சிவப்பாக இல்லாமல் பச்சை இறைச்சியின் நிறத்தில் பளபளப்பாக இருக்கும். ஓரத்தில் மெல்லிய தோல் உரிந்து நிற்கும். அந்தச் சிவப்பு முடிகிற எல்லைக்கு வெளியே, நல்ல தோலின் மேல், கடுகளவில் தனித்தனியாகச் சிவப்புப் புள்ளிகளோ சிறு கொப்புளங்களோ சிதறிக் கிடக்கும். இந்தச் சிதறல் புள்ளிகளும் மடிப்புச் சிவப்பும் சேர்ந்து தெரிந்தால், பெரும்பாலும் அது கேண்டிடா என்னும் பூஞ்சைதான். மாநிறமான குழந்தைகளுக்குச் சிவப்பு கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியலாம் என்பதால், நிறத்தைவிடப் புள்ளிகளையும் மடிப்பையும் நம்பிப் பாருங்கள்.

உங்கள் மகனுக்கு அது வருவதற்கான வழியும் தெளிவாகவே இருக்கிறது. கேண்டிடா பல குழந்தைகளின் குடலில் சிறிதளவு இருக்கும். அங்குள்ள நல்ல கிருமிகள் அதை அடக்கி வைத்திருக்கும். ஆன்டிபயாடிக் அந்தக் கிருமிகளையும் குறைத்துவிடுவதால் பூஞ்சை பெருகி மலத்தோடு வெளியே வருகிறது. வயிற்றுப்போக்கினால் தோல் ஏற்கெனவே அரிபட்டிருக்கும்போது, ஈரமும் சூடும் கொண்ட டயப்பருக்குள் அது எளிதாகப் பற்றிக்கொள்கிறது. ஜிங்க் கிரீம் மலமும் சிறுநீரும் தோலில் படாமல் தடுக்குமே தவிரப் பூஞ்சையைக் கொல்லாது. முறையாக ஜிங்க் தடவி, அடிக்கடி டயப்பர் மாற்றி, மூன்று நாள் ஆகியும் சிவப்பு குறையவில்லை என்றால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இனி அந்தக் களிம்பைப் பற்றி. அதில் கிளோட்ரிமசோல் மட்டுமே பூஞ்சை மருந்து. பெக்லோமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. நியோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து. சிவப்பையும் வீக்கத்தையும் ஸ்டீராய்டு விரைவில் அடக்கிவிடும் என்பதால், நான்கே நாளில் ஆறிவிட்டதாக உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. உண்மையில் பூஞ்சை முழுவதும் அழிவதற்கு முன்பே சிவப்பு மறைந்து, நீங்களும் நிறுத்திவிட்டீர்கள். ஸ்டீராய்டு அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பையும் குறைத்துவிடுவதால் மிச்சமிருந்த பூஞ்சை மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. குழந்தையின் தோல் மெல்லியது; அதன்மேல் டயப்பர் இறுக மூடியிருக்கும்போது ஸ்டீராய்டு உடலுக்குள் அதிகமாக உறிஞ்சப்படும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்துபோகும். உடலில் இயல்பாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனும் பாதிக்கப்படலாம். நான்கு நாள் தடவியதற்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற இன்னும் வலிமையான ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் சீட்டு இல்லாமலே கைக்கு வந்துவிடுகின்றன என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. கடையில் ட்யூப் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பி, மருந்தின் பெயர் ஒன்றுதானா, மூன்றா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

நான் சொன்ன அடையாளங்கள் இருந்தால், உங்கள் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, பூஞ்சை மருந்து மட்டும் உள்ள களிம்பைத் தொடங்குங்கள். கிளோட்ரிமசோல் 1 சதவீதம் அல்லது மைகோனசோல் 2 சதவீதம் எளிதாகக் கிடைக்கும். முதலில் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துக் கழுவி, தேய்க்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். மடிப்புக்குள் ஈரம் நிற்கக் கூடாது. பிறகு களிம்பை மெல்லிய படலமாக, மடிப்பின் உள்ளேயும், சிதறல் புள்ளிகளைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு நல்ல தோலின் மேலும் தடவுங்கள். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதும். வயிற்றுப்போக்கு இன்னும் இருந்தால், பூஞ்சை மருந்து தோலில் ஊறியபின் அதன்மேல் ஜிங்க் தடவலாம். ஜிங்க் முதலில் போனால் மருந்து தோலைத் தொடாது. பூஞ்சை அடங்கும்வரை ஜிங்க்கை நிறுத்தச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு, உங்கள் மருத்துவர் அப்படிச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

இரண்டு மூன்று நாளில் சிவப்பு மங்கத் தொடங்கும். அப்போது நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. தோல் முழுவதும் தெளிந்த பிறகும் ஒரு வாரம் தடவ வேண்டும். மொத்தத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இந்த நாட்களில் குழந்தை விழித்திருக்கும்போது, ஒரு ரப்பர் விரிப்பின் மேல் பருத்தித் துணி போட்டு, டயப்பர் இல்லாமல் சிறிது நேரம் விட்டுவிடுங்கள். துணி லங்கோடு கட்டுவதானால் சோப்பு மிச்சமில்லாமல் அலசி நல்ல வெயிலில் உலர்த்துங்கள். பவுடர் வேண்டாம், மடிப்பில் ஈரத்தோடு கட்டியாகி உறுத்தும், பறக்கும் தூள் மூச்சுக்குள்ளும் போகும். மஞ்சள் பூசுவதும் வேண்டாம், அது சிவப்பையே மறைத்துவிடும்.

குழந்தையின் வாயையும் ஒருமுறை பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தால் எளிதில் போகாத வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அங்கும் கேண்டிடா இருக்கலாம். அதற்கு வாய்க்கென்று உள்ள மருந்தை மருத்துவர் தருவார். தோலுக்கான களிம்பை வாயில் தடவக் கூடாது. நீங்கள் தாய்ப்பால் கொடுப்பவராகவும் மார்புக் காம்பில் எரிச்சலோ வலியோ இருப்பவராகவும் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல், சீழ், தேன் நிறத்தில் காய்ந்த பொருக்கு, பெரிய நீர்க் கொப்புளம், இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள். ஆசனவாயைச் சுற்றி மட்டும் வட்டமாகக் கடுஞ்சிவப்பு இருந்து, மலம் கழிக்கும்போது குழந்தை அழுதால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். வாயைச் சுற்றியும் கை கால்களிலும் இதே போன்ற புண் வந்து வயிற்றுப்போக்கும் நீடித்தால், உடலில் துத்தநாகம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுங்காகப் பூஞ்சை மருந்து தடவி ஒரு வாரம் ஆகியும் மாற்றமில்லை என்றால், களிம்பை மாற்றிப் பார்க்காமல் நேரில் போங்கள். போகும்போது இதுவரை தடவிய எல்லா ட்யூப்களையும், ஆன்டிபயாடிக் சிரப் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.