மனுவலில தமிழ் கட்டத்துக்குள்ள அடங்குதில்லை: வந்த கேள்விகளும் பதிலும்

இந்தமுறை வந்த கேள்விகள் முக்கால்வாசி ஒரே விசயம்தான், இங்கிலீஷுக்குப் போட்ட கட்டத்துக்குள்ள தமிழ் நிக்குதில்லை எண்டு. ஒவ்வொண்டா பாப்பம்.

அண்ணை, தமிழ் கட்டத்துக்கு வெளிய போகுது, என்ன செய்யலாம்? அவசரம். (உப்புவெளி)

தம்பி, என்ன தாள், என்ன பொன்ற், எத்தனை பாயின்ட், வேர்டா இன்டிசைனா, ஒண்டும் எழுதேல்லை. அவசரம் எண்டது மட்டும் இருக்கு. ஒரு பக்கத்தையாவது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்.

வேர்ட்ல ரேபிளுக்குள்ள 'கி', 'தீ' எல்லாத்துக்கும் மேல்சுழி வெட்டுப்படுது. (மூதூர்)

லைன் ஸ்பேசிங் `Exactly` எண்டு கிடக்கும், `At least` ஆக்குங்கோ. வரிசை உயரத்தையும் அப்பிடியே மாத்துங்கோ. 9 பாயின்ட் எழுத்துக்கு வரி இடைவெளி இங்கிலீஷில 11 காணும், தமிழுக்கு 13 விடுங்கோ. மேல விசிறியும் புள்ளியும், கீழ 'கூ', 'ரு'வின்ர வாலும் ஒண்டோட ஒண்டு முட்டாம நிக்க அவ்வளவு வேணும்.

இன்டிசைன்ல 'கொ' எண்டு அடிச்சா கொம்பு 'க'வுக்குப் பின்னால போய் நிக்குது. (தம்பலகாமம்)

பரகிராப் பனலின்ர மெனுவில `Adobe World-Ready Paragraph Composer` தெரிவு செய்யுங்கோ. ஒரு பந்திக்கு மட்டும் செய்யாம ஸ்டைல்லயே போடுங்கோ, இல்லாட்டி அடுத்த பக்கத்தில திரும்ப வரும்.

தண்ணிப் பம்பி மனுவல், A5. பழுது, காரணம், செய்ய வேண்டியது எண்டு மூண்டு நிரல், ஒவ்வொண்டுக்கும் இங்கிலீஷும் தமிழும் பக்கத்தில பக்கத்தில, மொத்தம் ஆறு. 9 பாயின்ட்ல போட்டா தமிழ்ச் சொல்லே உடையுது. எழுத்தை 70 வீதமாக ஒடுக்கினா சரி வருது, அப்பிடி விடலாமா? (கிண்ணியா)

விடக்கூடாது. கேள்வி வடிவா, விபரத்தோட வந்திருக்கு, அதால நானும் விபரமாச் சொல்லுறன், கொஞ்சம் கோபமும் இருக்கு.

முதல்ல கணக்கு. A5 அகலம் 148 மில்லிமீற்றர், ரெண்டு பக்கமும் 12 விட்டா மிச்சம் 124. ஆறாப் பிரிச்சா ஒரு நிரலுக்கு 20 சொச்சம், உள்விளிம்பு போக 18 தான் எழுத்துக்கு. நீங்க அனுப்பின 'அடைபட்டுள்ளது' எண்ட ஒரு சொல் 9 பாயின்ட்ல 20 மில்லிமீற்றருக்கு மேல போகும். வசனத்தைப் பிறகு பாப்பம், சொல்லுக்கே இடமில்லை. இங்கிலீஷ் `Filter blocked` ரெண்டு வரியில அடங்கீரும், அதைப் பாத்துத்தான் இந்தக் கட்டம் போட்டிருக்கு.

அதால ஆறு நிரலை விடுங்கோ. மூண்டு நிரல், ஒரே கட்டத்துக்குள்ள மேல தமிழ், கீழ இங்கிலீஷ், இங்கிலீஷ் கொஞ்சம் மெல்லிசா. பழுதுக்கு 34, காரணத்துக்கு 42, செய்ய வேண்டியதுக்கு 48, கூட்டினா அதே 124. அகலத்தை சராசரி பாத்து வைக்காதேங்கோ, அந்த நிரல்ல வாற ஆக நீளமான தமிழ்ச் சொல்லை அடிச்சுப் பாத்து வையுங்கோ.

அடுத்தது வசனம். 'எரிபொருள் வடிகட்டி அடைபட்டுள்ளது' எண்டதை 'எரிபொருள் வடிகட்டியில் அடைப்பு' ஆக்கலாம். 'சுத்தம் செய்யப்படல் வேண்டும்' எண்டதுக்கு 'சுத்தம் செய்க' காணும். 'மாற்றீடு செய்யப்படல் வேண்டும்' எண்டா 'மாற்றுக'. இப்பிடி வெட்டினா ரேபிள் கால்வாசி சுருங்கும், வாசிக்கிறவருக்கும் லேசு. ஆனா இதை மொழிபெயர்த்தவரைக் கேட்டுச் செய்யுங்கோ, லேஅவுட் செய்யிறவர் தன்பாட்டுக்கு வெட்டினா 'அல்ல', 'இல்லை' மாதிரிச் சொல்லும் சேர்ந்து போயிரும்.

இப்ப அந்த 70 வீதம். `Horizontal Scale` ஐக் குறைச்சா எழுத்து ஒடுங்கிறது மட்டுமில்லை, நிமிர்ந்த கோடு மெலியுது, படுத்த கோடு அப்பிடியே தடிப்பா நிக்குது. 'ண'வுக்கு மூண்டு சுழி, 'ன'வுக்கு ரெண்டு, அந்தச் சுழிகளுக்குள்ள இருக்கிற வெள்ளைதான் ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறது, ஒடுக்கினா அது அடைபட்டுப் போகுது. 'ர'வும் கால் 'ா'வும் முதலே கிட்டத்தட்ட ஒண்டுதான், 'மு'வும் 'மூ'வும் ஒரு சின்ன வளைவிலதான் வித்தியாசம். கொம்பியூட்டர்ல 200 வீதத்தில பாத்துப்போட்டு நல்லாத்தானே இருக்கு எண்டு அனுப்புறது, அது மலிவுத் தாளில மை ஊறி வந்தா என்ன வாசிக்கேலும்?

இது நான் பட்டது. ஒரு டீசல் பம்பிக்கு ஸ்ரிக்கர் வந்தது, ரேடியேற்றர் மூடிக்கு மேல ஒட்டிறது, 45க்கு 12 மில்லிமீற்றர். இங்கிலீஷ் `Do not open when hot`, தமிழ் 'இயந்திரம் சூடாக இருக்கும் வேளையில் மூடியைத் திறக்கக்கூடாது'. அதை ஒரே வரியாக்க ஒருத்தர் 5 பாயின்ட்ல 60 வீதத்துக்கு ஒடுக்கி அடிச்சு ஒட்டியாச்சு. நான் வாடிக்குப் போய்ப் பாக்கேக்க, ஒரு மாதம் எண்ணெயும் உப்புக்காத்தும் பட்டு, 'திறக்க' எண்டு தெரியுது, பின்னால 'க்கூடாது' ஒரு கறுப்புக் கோடு. எச்சரிக்கை மூடியைத் திற எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு, உள்ள கொதிக்கிற தண்ணி. அண்டைக்கே கழட்டச் சொன்னன். பிறகு 'சூட்டில் / திறக்காதீர்' எண்டு ரெண்டு வரி, 8 பாயின்ட் தடிப்பு, ஒடுக்காம, கீழ இங்கிலீஷ் 5 பாயின்ட்ல ஒரு வரி. அதே 45க்கு 12க்குள்ள வடிவா நிண்டது.

ஒடுக்கமான எழுத்துத்தான் வேணுமெண்டா அதுக்கெண்டு வரைஞ்ச பொன்ற் எடுங்கோ, `Noto Sans Tamil Condensed` இருக்கு. அதில கோட்டின்ர தடிப்பைச் சரிபண்ணித்தான் வரைஞ்சிருக்கினம். இழுத்து ஒடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

பாகங்களின்ர படத்தில அம்புக்குறிக்குப் பக்கத்தில தமிழ்ப் பேர் படத்துக்கு மேல ஏறுது. (நிலாவெளி)

பேரை எடுத்துப்போட்டு 1, 2, 3 எண்டு இலக்கம் போடுங்கோ, கீழ இலக்கம், தமிழ், இங்கிலீஷ் எண்டு ஒரு சின்னப் பட்டியல். 5, 6 பாகம் வரைக்கும் பேரோட விடலாம், 10க்கு மேல இலக்கம்தான். படம் தந்தவரிட்ட எழுத்து தனி லேயரா இருக்கிற ஃபைலைக் கேளுங்கோ. எழுத்தைக் கோடா மாத்தின ஃபைல் எண்டா பழைய இங்கிலீஷை ஒவ்வொண்டா அழிக்க ரெண்டு நாள் போகும். இலக்கத்தைப் போட்ட பிறகு பந்தியில வாற இலக்கத்தோட ஒருக்கா ஒத்துப் பாருங்கோ தங்கச்சி, அங்கதான் பிழை வாறது.

நீளச் சொல்லை அடுத்த வரிக்கு உடைக்க என்டர் தட்டலாமா? (மூதூர்)

வேண்டாம். நாளைக்கு ஒரு சொல் மாறினா பாதி வரியில முறிஞ்சு நிக்கும். வேர்ட்ல Ctrl+-, இன்டிசைன்ல Ctrl+Shift+- அடிங்கோ, தேவைப்பட்டா மட்டும் அந்த இடத்தில உடையும். சொல் சேர்ற இடத்தில வையுங்கோ, 'எரிபொருள்' எண்டதில 'எரி' முடிஞ்சு 'பொருள்' தொடங்கிற இடம் மாதிரி. புள்ளி எழுத்தில அடுத்த வரி தொடங்கக்கூடாது, 'அடைபட்-டுள்ளது' சரி, 'அடைப-ட்டுள்ளது' பிழை.

சிங்களமும் சேர்க்கச் சொல்லுறாங்கள், ஒரே கட்டத்துக்குள்ள மூண்டையும் போடலாமா? (தம்பலகாமம்)

A5ல ஏலாது. மொழிக்கு ஒரு பகுதியாப் பிரிங்கோ, படமும் இலக்கமும் மட்டும் பொதுவா இருக்கட்டும்.

பிறின்ற் எடுத்த பிறகுதான் ஒரு கட்டத்தில கடைசி வரி இல்லை எண்டு கண்டன். (கிண்ணியா)

இன்டிசைன்ல அந்தக் கட்டத்தில சிவப்புப் புள்ளி நிண்டிருக்கும், அடங்காத எழுத்து பிடிஎஃப்ல வராது. அனுப்ப முதல் `Preflight` பனல் பச்சையா எண்டு பாருங்கோ. வேர்ட் ரெக்ஸ்ட் பொக்ஸ்ல அந்தச் சிவப்பும் வராது, ஒவ்வொரு பொக்ஸின்ரயும் கடைசிச் சொல்லை மூலத்தோட கையால ஒத்துத்தான் பாக்கவேணும். வெட்டுப்பட்டது எச்சரிக்கை வரி எண்டா மிச்ச கொப்பியளை வெளிய விடாதேங்கோ, அந்தப் பக்கத்தைத் திரும்ப அடிச்சு மாத்திக் குடுங்கோ.