அரையைக் கூட்டவா, கழிக்கவா? பைனாமியலுக்கு நார்மல் போடுவது பற்றிக் கேள்வி பதில்

n = 20, p = 0.5. P(X ≤ 8) கேட்டார்கள். 8 போட்டால் ஒரு விடை, 8.5 போட்டால் வேறு விடை. அந்த அரை எங்கிருந்து முளைக்குது மேடம்? (பி.எஸ்சி. மூன்றாமாண்டு)

பைனாமியலைப் பட்டைப்படமாக வரைந்து பாருங்கள். 8-க்கு உரிய பட்டை 7.5-இல் தொடங்கி 8.5-இல் முடிகிறது. நார்மல் வளைகோட்டை அதன் மேல் போர்த்திவிட்டு 8-இலேயே நிறுத்தினால் அந்தப் பட்டையைப் பாதியில் அறுத்துவிடுகிறீர்கள். கேட்டதோ 8-உம் சேர்த்து. அந்த அரைக்குத்தான் தொடர்ச்சித் திருத்தம் என்று பெயர்.

இங்கே சராசரி 10, திட்ட விலக்கம் √5 = 2.236. 8-இல் நிறுத்தினால் z = −0.894, விடை 0.1855. 8.5-இல் நிறுத்தினால் z = −0.671, விடை 0.2512. துல்லியமான விடை 263950/1048576, அதாவது 0.2517. அரையை விட்டதால் நழுவியது 0.066. 8-இன் பட்டைக்குரிய நிகழ்தகவு 0.12, ஏறக்குறைய அதில் பாதிதான் காணாமல் போனது.

X > 8, X < 8, X ≥ 8 இதுக்கெல்லாம் கூட்டணுமா கழிக்கணுமா? ஒரு அட்டவணை கொடுத்தால் மனப்பாடம் செய்துகொள்வேன்.

அட்டவணை தரமாட்டேன். தேர்வு அறையில் அதுதான் முதலில் மறந்துபோகும். சேர்க்க வேண்டிய முழு எண்களை எழுதுங்கள், ஓரத்தில் இருக்கும் பட்டையின் வெளிவிளிம்பை எடுங்கள். X > 8 என்றால் 9, 10, 11… ஓரத்தில் 9, அதன் இடது விளிம்பு 8.5. X < 8 என்றால் …6, 7. ஓரம் 7, வலது விளிம்பு 7.5. X ≥ 8 என்றால் ஓரம் 8, இடது விளிம்பு அதே 7.5. எண்களை எழுதாமல் அரையைத் தொடாதீர்கள்.

தர ஆய்வில் இருக்கிறேன். நூறு உருப்படி எடுப்போம், கழிவு 5 சதவீதம். np = 5, nq = 95, இரண்டும் 5-க்குக் குறையக் கூடாது என்ற புத்தக விதி சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு கழிவும் வராமல் இருக்க நார்மல் 0.0195 என்கிறது, நேரடிக் கணக்கு 0.0059 என்கிறது. திருத்தமும் போட்டேன். எங்கே தவறு?

உங்கள் கணக்கில் தவறு இல்லை. நீங்கள் நம்பிய விதியில்தான் ஓட்டை.

σ = √4.75 = 2.179. சராசரி 5-இலிருந்து 0-உம் 10-உம் ஒரே தொலைவு. இரண்டுக்கும் நார்மல் ஒரே விடை சொல்லும். அதற்கு இடது வலது பேதம் தெரியாது. துல்லியமாகக் கணக்கிட்டால்:

P(X = 0) = 0.0059, நார்மல் 0.0195
P(X ≥ 10) = 0.0282, நார்மல் 0.0195

இடப்பக்கம் மூன்று மடங்குக்கு மேல் கூட்டிச் சொல்கிறது, வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறது. உங்கள் பரவல் 0 என்ற சுவரில் முட்டி, வலப்பக்கம் வாலை நீட்டி நிற்கிறது. அதன் கோட்டம் (q − p)/σ = 0.9/2.179 = 0.41. தொடர்ச்சித் திருத்தம் பட்டைக்கும் வளைகோட்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் அடைக்கும். கோட்டத்தை நிமிர்த்துவது அதன் வேலை அல்ல.

1733-இல் டி மோவ்ர் இதைப் பெரும்பாலும் p = 1/2 என்ற நாணயக் கணக்குக்குத்தான் போட்டார். அங்கே கோட்டம் பூஜ்யம் என்பதால்தான் முதல் கேள்வியில் n வெறும் 20 ஆக இருந்தும் மூன்றாம் தசமம் வரை பொருந்தியது.

குறுக்கே வருகிறேன். திருத்தம் போடாமல் 0-ஐயே வைத்தால் 0.0109 வருகிறது. 0.0059-க்கு அதுதானே கிட்டே? அப்போ திருத்தம்தான் கெடுக்கிறது. (கல்லூரி விரிவுரையாளர்)

இடது வாலில் நீங்கள் சொல்வது சரி சார், எண் உண்மைதான். அதே கையோடு வலது வாலையும் பாருங்கள். 10-ஐ அப்படியே வைத்தால் அங்கேயும் 0.0109, துல்லியம் 0.0282. திருத்தம் 0.0195-க்காவது கொண்டுபோனது. அரையை விட்டால் இரண்டு பக்கமும் மதிப்பு குறையும். இடப்பக்கம் நார்மல் ஏற்கெனவே கூட்டிச் சொல்வதால் ஒரு பிழை இன்னொரு பிழையைத் தின்றுவிட்டது, அவ்வளவே. நடுவில் வந்தால் தெரிந்துவிடும்: P(X ≤ 5) துல்லியம் 0.6160, திருத்தத்தோடு 0.591, திருத்தம் இல்லாமல் 0.500.

(அவரே) எனக்கு வேண்டியது இடது வால் மட்டும்தான் என்றால்?

கால்குலேட்டரில் 0.95-ஐ நூறு அடுக்கு உயர்த்துங்கள். எதற்கு நார்மல்?

இதுக்குப் பாய்சான் போட்டால் முடிஞ்சுதே! λ = 5.

நல்ல யோசனை. 0.0067, 0.0318. இரண்டு வாலிலும் நார்மலைவிடக் கிட்டே. p சிறியதாக இருக்கும் இடத்தில் அதுதான் முறை. நார்மலை விட மனமில்லை என்றால் கோட்டத்துக்கும் ஒரு உறுப்பைச் சேருங்கள்:

```
z = (k + 0.5 - n*p) / σ
P(X ≤ k) ≈ Φ(z) - (q-p)*(z^2 - 1)*φ(z) / (6σ)
```

தர ஆய்வாளரின் கணக்கில் இது X = 0-க்கு 0.0089, X ≥ 10-க்கு 0.0301, X ≤ 5-க்கு 0.6161 தருகிறது. நடுவில் அச்சு அசல். வாலிலும் பிழை நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டது.

அந்த (z² − 1)-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். z = ±1 பக்கம் அது பூஜ்யமாகிவிடும்; அங்கே p சாய்ந்திருந்தாலும் நார்மல் பெரும்பாலும் நல்லபிள்ளைபோல் நடந்துகொள்ளும். நடுவில் ஒரு திசையில் பிழை, வாலில் எதிர்த்திசையில் பிழை. எனவே "தோராயம் சரியா" என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. எந்த k-க்கு என்று கேட்க வேண்டும்.

(விரிவுரையாளர்) வகுப்பில் அறுபது பேருக்கு இப்படிச் சொல்ல முடியாது மேடம். np ≥ 5 என்று ஒரு எண்தான் நிற்கும்.

ஒரு எண்தான் வேண்டுமென்றால் σ-வைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் வரும் பிழை ஏறத்தாழ 0.066 × |q − p| / σ. அல்லது சராசரியிலிருந்து 3σ போனாலும் 0-க்கும் n-க்கும் உள்ளேயே இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். p = 0.05-க்கு n 171-ஐத் தாண்ட வேண்டும். நூறு அங்கேயே தோற்றுவிடும்.

(வேறொருவர்) எங்கள் பாடத்தில் 10 என்கிறார்களே? 5-ஆ, 10-ஆ, எது சரி?

இரண்டும் வசதிக்கு வைத்த வேலிகள். 10 கொஞ்சம் பத்திரம். 0.001 அளவு வால்களுக்கு இரண்டையும் நம்ப வேண்டாம்.

(விரிவுரையாளர்) நான் 5-ஐ மாற்றப் போவதில்லை. வினாத்தாள் அப்படித்தான் வருகிறது.

வினாத்தாளுக்கு அது போதும். தொழிற்சாலைக்குப் போதாது என்பதை மேலே ஒருவர் எண்ணோடு காட்டியிருக்கிறார்.

மேலே கேட்டிருந்தால் மன்னிக்கவும். P(X ≥ 12)-க்கு 0.5 கூட்டணுமா?

12, 13, 14… ஓரம் 12. இடது விளிம்பு 11.5.

100-க்கு 60 தலை. p = 0.5 என்ற கருதுகோளைச் சோதிக்கிறேன். கையால் z = 2, p-மதிப்பு 0.0455. R-இல் `prop.test(60, 100)` போட்டால் 0.0574. நிராகரிக்கவா வேண்டாமா?

`prop.test` கேட்காமலே தொடர்ச்சித் திருத்தம் போட்டுவிடும், `correct = TRUE` என்பது அதன் இயல்பு அமைப்பு. 60-க்குப் பதில் 59.5, ஆக z = 9.5/5 = 1.9. நீங்கள் அரையை விட்டுவிட்டீர்கள். யார் சரி என்று பார்க்க `binom.test(60, 100)` போடுங்கள்: 0.0569. திருத்தம் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 5 சதவீத மட்டத்தில் நிராகரிக்க முடியாது. அரை அலகு முடிவையே திருப்பிப்போட்ட இடம் இது.

ஆனால் இதை 2×2 அட்டவணைக்கு அப்படியே நீட்டாதீர்கள். அங்கே 1934-இல் யேட்ஸ் சொன்ன திருத்தம் ஃபிஷரின் துல்லியச் சோதனையை ஒட்டி வரும். அந்தச் சோதனையே தேவைக்கு மேல் எச்சரிக்கையானது என்று ஒரு தரப்பு இன்றும் வாதாடுகிறது. அந்த வழக்கு முடியவில்லை.

அதே கணக்கை விகிதத்தில் போட்டேன். 0.60 − 0.5 (திருத்தம்) − 0.50 = −0.40. z = −8 வருகிறது!

திருத்தம் எண்ணிக்கைக்கு அரை. விகிதத்துக்கு வந்தால் 0.5/n, இங்கே 0.005. 0.60 − 0.005 − 0.50 = 0.095, வகுத்தல் 0.05, அதே 1.9.

n ஆயிரத்துக்கு மேல் போனால் இந்த அரையை விட்டுவிடலாம் என்கிறார்களே?

விட்டால் இழப்பது அதிகபட்சம் சுமார் 0.2/σ. n = 1000, p = 0.5 என்றால் σ = 15.8, இழப்பு 0.0126. கருத்துக்கணிப்புக்குப் பரவாயில்லை, 0.05-ஐ ஒட்டி நிற்கும் p-மதிப்புக்கு ஆகாது. n பெரிது என்பதே பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். n = 10000, p = 0.0005 எடுங்கள். np மறுபடி 5. P(X = 0) துல்லியம் 0.0067, நார்மல் திருத்தத்தோடு 0.0221. பத்தாயிரம் இருந்தும் சுவர் நகரவில்லை.

என் தரவு அரிசி மூட்டை எடை, கிலோவில். 0.5 சேர்க்கணுமா?

இல்லை. எடை எண்ணிக்கை அல்ல.

60 பேர் கொண்ட வகுப்பில் 40 பேரைத் திருப்பி விடாமல் தேர்ந்தெடுத்தால்?

அது பைனாமியலே இல்லை, ஹைபர்ஜியாமெட்ரிக். மாறுபாட்டை (60 − 40)/(60 − 1)-ஆல் பெருக்கிச் சுருக்குங்கள். அரை அங்கேயும் உண்டு.

P(X = 10) கேட்டால் நார்மலில் பூஜ்யம்தானே? ஒரு புள்ளிக்குப் பரப்பு ஏது?

ஓரம் இடப்பக்கமும் 10, வலப்பக்கமும் 10. 9.5-இலிருந்து 10.5 வரை. n = 20, p = 0.5-க்கு 0.1769, துல்லியம் 0.1762.

P(5 ≤ X ≤ 10)-க்கு கூட்டணுமா கழிக்கணுமா மேடம்?

எண்களை எழுதுங்கள். எழுதினீர்களா? 4.5, 10.5. இந்தக் கேள்வி இன்று நான்காம் முறை. இனி வருகிறவர்கள் இதை ஓட்டிவிட்டு, தங்கள் k-க்கு எதிரே இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டுக் கேளுங்கள்:

```
n <- 100; p <- 0.05; k <- 0:12
s <- sqrt(n*p*(1-p))
cbind(k, pbinom(k, n, p), pnorm((k + 0.5 - n*p)/s))
```

(தர ஆய்வாளர்) ஓட்டினேன். k = 2-இல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறதே?

அங்கே z = −1.15. (z² − 1) எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்.