முள் நிற்கும் இடம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பத்தா இறந்து இன்று ஒன்பதாம் நாள். மாலையில் வீட்டில் கருட புராணம் வாசிக்கிறார்கள். கொதிக்கும் எண்ணெய், வைதரணி ஆறு என்று கேட்டுவிட்டு அம்மா இரவெல்லாம் உறங்காமல் அழுகிறார். நான் மற்ற நாடுகளின் மறுமைக் கதைகளைத் தேடிப் படித்து, நரகங்களையும் தண்டனைகளையும் அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரு தராசு, ஒரு கணக்கர், ஒரு தண்டனை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதா? சித்திரகுப்தனும் எகிப்தின் எழுத்துத் தெய்வமான தோத்தும் ஒருவர்தானா? எல்லாமே மக்களைப் பயமுறுத்த எழுதப்பட்டவைதானே?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பத்தாவுக்கு என் அஞ்சலி. காரியங்கள் முடிந்த பிறகு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்கள் கடிதம் சித்ரா பௌர்ணமியன்று வந்தது. அன்று காலையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, இரவில் சித்திரகுப்தனின் கதையான சித்திரபுத்திர நாயனார் கதையை வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். பூசையில் ஒரு நோட்டும் பேனாவும் வைப்போம். அவற்றோடு என் தாத்தாவின் பழைய பேரேடு ஒன்றையும் நான் எடுத்து வைப்பதுண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

சித்திரகுப்தனும் தோத்தும் ஒருவரா என்ற கேள்வியில் நேரத்தைச் செலவிடாதீர்கள். இருவரும் எழுதுகிறார்கள் என்பதைத் தவிர அந்த உறவுக்குச் சான்று ஏதுமில்லை. ரிக் வேதத்தின் யமனிடம் கணக்கரே கிடையாது. அங்கே அவன் முதலில் இறந்து மற்றவர்களுக்கு வழி கண்டுபிடித்த மூதாதை. அவனுடைய உலகம் முன்னோர்கள் மகிழ்ந்திருக்கும் இடம். கணக்கும் விசாரணையும் பின்னால் வந்து சேர்ந்தவை. கணக்கு எழுதத் தெரிந்த சமூகம் எதுவானாலும், தன் தெய்வத்தின் அருகிலும் ஒரு கணக்கரை உட்கார வைக்க அதற்கு இன்னொருவரைப் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் அட்டவணையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் 28 நரகங்களின் பெயரையும் வரிசை தவறாமல் எழுதியிருக்கிறீர்கள். எகிப்துக்கு நேராக ‘இதயம் இறகைவிட இலேசாக இருந்தால் சொர்க்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. படிக்காமல் யாரோ சொன்னதை எடுத்து எழுதினால் இப்படித்தான் ஆகும். தண்டனைகளை எண்ணிய நீங்கள் விசாரணை எப்படி நடக்கிறது என்று ஓரிடத்திலும் நின்று பார்க்கவில்லை. ஒரு வழக்கில் முதலில் கேட்க வேண்டியது என்ன தண்டனை என்பதல்ல, சாட்சி யார் என்பதே.

ஒரே ஒரு ஏட்டை எடுத்துக்கொள்வோம். ஆனி என்பவருக்காக ஏறத்தாழ கி.மு. 1250-ல் எகிப்தின் தீப்ஸ் நகரில் எழுதப்பட்ட பாப்பிரஸ் சுருள் அது. நீளம் சுமார் 24 மீட்டர். 1888-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக வாங்கப்பட்டு இன்றும் அங்கே இருக்கிறது. ஆனி அரசனின் எழுத்தர். தெய்வங்களுக்கு வரும் படையல்களுக்குக் கணக்கு எழுதியவர், தானியக் களஞ்சியங்களை மேற்பார்த்தவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் கணக்குப்பிள்ளை. வாழ்நாள் முழுவதும் பிறர் பொருளை அளந்து எழுதிய ஒருவர் தன்னை அளக்கும் இடத்துக்கு வருகிறார்.

மனைவியுடன் குனிந்து உள்ளே வருகிறார். நடுவில் பெரிய தராசு. ஒரு தட்டில் அவருடைய இதயம், மறு தட்டில் மாஅத் என்னும் ஒழுங்கின் இறகு. நரித்தலை கொண்ட அனுபிஸ் மண்டியிட்டு, தராசு சரியாக நிற்கிறதா என்று பார்க்கிறது. எழுதுகோலோடு தோத் நிற்கிறது. அதற்குப் பின்னால் முதலை முகமும் சிங்கத்தின் முன்னுடலும் நீர்யானையின் பின்னுடலும் கொண்ட அம்மிட் காத்திருக்கிறது. தட்டுகள் இரண்டும் சமமாக நிற்கின்றன. கவனியுங்கள், இதயம் மேலே எழவில்லை. இலேசாக இருப்பது அங்கே தகுதி அல்ல. முள் நடுவில் நிற்பதுதான் தகுதி. அப்படி நின்றால் ஹோரஸ் என்னும் தெய்வம் கைப்பிடித்து, மறுமையின் அரசனான ஒசிரிஸ் முன் அழைத்துச் செல்கிறது. நிற்காவிட்டால் அம்மிட் இதயத்தை விழுங்கிவிடுகிறது. அந்த மனிதன் இல்லாமலே போகிறான். ஆனி பட வேண்டிய தண்டனையாக அந்தக் காட்சியில் இருப்பது அந்த அழிவு ஒன்றுதான்.

உடலைப் பதப்படுத்தும்போது நுரையீரல், ஈரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்துத் தனித்தனிச் சாடிகளில் வைத்தவர்கள் இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டார்கள். நினைவும் எண்ணமும் அங்கே இருப்பதாக நம்பினார்கள். ஆகையால் அங்கே எடை போடப்படும் பொருளும் சாட்சியும் ஒன்றே. அந்தச் சாட்சி மாறிவிடுமோ என்ற அச்சத்தில், வண்டு உருவில் கல் ஒன்றைச் செதுக்கி, அதில் ஒரு மந்திரத்தைப் பொறித்து நெஞ்சின்மேல் வைத்தார்கள். தாயிடமிருந்து பெற்ற தன் இதயத்தைக் கூப்பிட்டு, தீர்ப்பு மன்றத்தில் எனக்கு எதிராக எழுந்து நிற்காதே, தராசைக் காப்பவன் முன் எனக்குப் பகையாகாதே என்று கெஞ்சும் மந்திரம் அது. இறந்தவன் அம்மிட்டிடம் கெஞ்சவில்லை, ஒசிரிஸிடமும் கெஞ்சவில்லை. தன் நெஞ்சிடம் கெஞ்சுகிறான். அதை முதன்முதலில் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் என் தாத்தா.

அவர் மதுரைக் கீழமாசி வீதிப் பக்கத்தில் ஒரு வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளை. கடையின் பெயர் இங்கே வேண்டாம். இராமநாதபுரத்துச் சம்சாரிகள் கொண்டுவரும் மிளகாய் வத்தல் மூட்டையைத் தூக்குத் தராசில் ஏற்றுவார்கள். மொத்த எடையிலிருந்து சாக்கின் எடையைக் கழித்துச் சிட்டை போட வேண்டும். சாக்குக் கழிவு மூட்டைக்கு ஒரு கிலோ. ஒரு நாள், ஒரு சம்சாரியின் 40 மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ கழிக்கும்படி முதலாளி சொன்னார், தாத்தா எழுதினார். ஆக 20 கிலோ. தராசில் குற்றம் இல்லை, எடைக்கல்லில் குற்றம் இல்லை, முள் நடுவில்தான் நின்றது. குற்றம் எழுத்தில் இருந்தது. அந்தச் சம்சாரிக்குப் படிக்கத் தெரியாது. சிட்டையை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாராம்.

1978-ல் தாத்தா படுத்த படுக்கையானபோது எனக்கு வயது 13. சித்ரா பௌர்ணமி இரவில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதையை நான்தான் வாசித்தேன். சித்திரபுத்திரர் ஏட்டை விரிக்கும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்து, “அதை விட்டுட்டு அடுத்ததப் படி, அய்யா” என்றார். நரகத்து நெருப்பு வரும் இடங்களையெல்லாம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஏடு விரிவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. அதன் பிறகுதான் அந்த 20 கிலோவைப் பற்றிச் சொன்னார். பல ஆண்டுகளாக அதை யாரும் கேட்கவில்லை. முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். சம்சாரியின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. எண் மட்டும் நினைவிருந்தது.

ஆனியின் மரபைச் சேர்ந்த மறுமை நூலில் 125-ஆவது பகுதி இருக்கிறது. இறந்தவர் மன்றத்தில் நின்று, நான் இதைச் செய்யவில்லை, அதைச் செய்யவில்லை என்று மறுத்துச் சொல்லும் பகுதி. 42 தெய்வங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தும் மறுக்க வேண்டும். கொலை, களவு ஆகியவற்றோடு, அளவைக் குறைக்கவில்லை, தராசின் எடையைக் கூட்டவில்லை, அதன் தூக்குக் குண்டில் கை வைக்கவில்லை என்ற வரிகளும் அங்கே வருகின்றன. நைல் நதிக்கரையில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய எவரோ ஒருவர் என் தாத்தாவின் மண்டியை அறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றியது. இதைப் பயமுறுத்தல் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடாதீர்கள், தம்பி. ஏமாந்த சம்சாரிக்கு வேறு எந்த மன்றமும் இல்லாத காலத்தில், அவனுக்காகத் திறந்திருந்த மன்றம் அது.

உங்கள் வீட்டில் வாசிக்கப்படும் நூலுக்கு வருகிறேன். கருட புராணத்தின் பிரேத காண்டச் சாரத்தில், யமன் எல்லாம் அறிந்தவனாக இருந்தும் சித்திரகுப்தனைக் கேட்கிறான். சித்திரகுப்தனும் அறிந்தவன்தான், ஆனாலும் அவன் சிரவணர்களைக் கேட்கிறான். சிரவணர் என்றால் கேட்பவர்கள். பிரம்மாவின் மக்களான இவர்கள் உலகெங்கும் திரிந்து, மனிதர் செய்வதையும் பேசுவதையும் தொலைவிலிருந்தே அறிபவர்கள். பெண்களின் செயலை அறிந்து சொல்ல அவர்களுடைய மனைவியர் இருக்கிறார்கள். தெரிந்த ஒன்றுக்கும் சாட்சியைக் கேட்ட பிறகே தீர்ப்பு. எண்ணெய்க் கொப்பரையை விவரித்தவர்கள் இந்த முறையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

மகாபாரதத்தில் துஷ்யந்தன் அவையில் நின்று சகுந்தலை சொல்லும் சாட்சிப் பட்டியல் இதைவிட நெருக்கமானது. சூரியன், சந்திரன், காற்று, நெருப்பு, வானம், மண், நீர், யமன், பகல், இரவு, இரு சந்திப் பொழுதுகள், தர்மம் என்று அடுக்கும் அவள், அவற்றின் நடுவே இதயத்தையும் வைக்கிறாள். நம் வள்ளுவர் மற்ற எல்லாச் சாட்சிகளையும் விலக்கிவிட்டு அந்த ஒன்றை மட்டும் நிறுத்துகிறார்: ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்’. அங்கே சுடுவதற்கு வேறு நெருப்பு தேவைப்படவில்லை. நம் ஊர் இஸ்லாமியர் வீடுகளில் இறந்தவருக்காக ஓதப்படும் யாசீன் அத்தியாயத்தில், தீர்ப்பு நாளில் வாய்கள் முத்திரையிடப்படும், கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று வருகிறது. சிட்டை எழுதிய கையை நினைத்துக்கொண்டுதான் நான் அதைக் கேட்பேன்.

பாரசீகத்து ஜரதுஷ்டிர மரபில் இறந்தவனின் உயிர் மூன்று இரவுகள் உடலின் தலைமாட்டில் இருக்கிறது. மூன்றாம் இரவு விடியும்போது, நல்லவனுக்குத் தெற்கிலிருந்து நறுமணக் காற்று வீசுகிறது. அதில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். நீ யார், உன்னைப் போன்ற அழகியை நான் கண்டதில்லையே என்று அவன் கேட்கிறான். நான்தான் உன் தயேனா, உன்னுடைய நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் என்கிறாள் அவள். தீயவனுக்கு அவளே அருவருப்பான உருவில் வருவதாகப் பிற்கால நூல்கள் சொல்கின்றன. தராசும், இறந்தவர் கடக்க வேண்டிய சின்வத் பாலமும் அங்கேயும் உண்டு. ஆனால் நல்லவன் அவற்றுக்கு முன்பாகவே தன்னைத் தானே பார்த்துவிடுகிறான். பரிசைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட உயர்ந்த ஒன்றில்லை. பொன் மாளிகையும் தேனாறும் எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

உங்கள் அம்மாவை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன், எங்கெங்கோ போய்விட்டேன். அவர் அழுவது தன் மாமியார் அந்த எண்ணெயில் கிடப்பதாக எண்ணி. அதே நூலில் தர்மராஜனின் நகரம் விவரிக்கப்படுகிறது. அதற்கு நான்கு வாசல்கள். இத்தனை நாளும் உங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் தெற்கு வாசலைப் பற்றி. பாவிகள் நுழைவது அது ஒன்றில்தான். மற்ற மூன்று வாசல்களில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்கள், முதியோரைப் பேணியவர்கள், பிறருக்கு உதவியவர்கள் வருகிறார்கள்; அவர்களைக் கண்டதும் தர்மராஜன் தன் இருக்கையிலிருந்து எழுந்து வரவேற்கிறான். வாசிக்கிறவரிடம் இன்று மாலை அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொல்லுங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் அப்பத்தா யார் யாருக்குக் கஞ்சி ஊற்றினார் என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.