அடி உருண்டையா இருக்குற டேங்க்ல நெசமா எத்தனை லிட்டர்?

கேள்வி: அண்ணே, குடியாத்தம் பக்கம் மாடு வெச்சிருக்கேன். மாட்டுக்குத் தண்ணி நிரப்பி வெக்க ராணிப்பேட்டையில பழைய ஸ்டீல் டேங்க் ஒன்னு பாத்தேன், அடி சட்டி மாதிரி உருண்டை. உள் அகலம் 100 செ.மீ., நடு ஆழம் 145. 1140 லிட்டர்னு சொல்லி லிட்டர் கணக்குல விலை கேக்குறாரு. சரியா? பாதி ஆழம் தண்ணி நின்னா பாதி லிட்டரா?

பதில்: ரெண்டுமே இல்ல தம்பி. அவரு அடி தட்டையா இருக்குற டிரம்முக்கு போடுற கணக்க போட்டிருக்காரு. அகலம் 100னா ஒரு செ.மீ. உயரத்துக்கு 7.85 லிட்டர், அத 145ஆல பெருக்கினா 1139 வருது, ஆனா உங்க டேங்க்ல அடி 50 செ.மீ. சட்டி, அது பாதி பந்துன்னா அதே உயர டிரம்முல மூணுல ரெண்டு பங்குதான் பிடிக்கும். அதனால சட்டி ஆழத்துல மூணுல ஒரு பங்கு, அதாவது 16.7 செ.மீ., மொத்த ஆழத்துல கழிச்சிடுங்க. மீதி 128.3, அத 7.85ஆல பெருக்கினா சுமார் 1008 லிட்டர். டேங்க்ல இல்லாத அந்த 130 லிட்டருக்கு காசு குடுக்காதீங்க.

பாதி ஆழம், அதாவது 72.5ல தண்ணி நின்னாலும் இதே கழித்தல்தான், 438 லிட்டர் வரும், 504 இல்ல. தண்ணி சட்டிக்குள்ளயே நின்னா மட்டும் கணக்கு மாறும், R சட்டியோட ஆரம் (50), h தண்ணி ஆழம், ரெண்டும் செ.மீ.ல:

```
V = 3.1416 * h * h * (3*R - h) / 3 / 1000
```

25 செ.மீ. தண்ணிக்கு 82 லிட்டர்தான் வரும், முழு சட்டி 262. மோட்டார் போட லேட்டானா மாடு தாகத்துல நிக்கிறது இந்த அடிப்பகுதியிலதான், குச்சியில சம இடைவெளி கோடு போட்டு வெச்சா இங்க ஏமாந்துடுவீங்க.

இதெல்லாம் சட்டி நெசமாவே பாதி பந்தா இருந்தாத்தான் சரி. போய் பாருங்க, வெல்டிங் கோட்ட நம்பாதீங்க, வளைவு பல சமயம் அதுக்கும் கொஞ்சம் கீழதான் ஆரம்பிக்கும். ஒரு நேரான ஸ்கேல சுவத்துல ஒட்டி வெச்சு கீழ நகத்துங்க, எங்க இடுக்கு விடுதோ அதுதான் வளைவு ஆரம்பம். அங்கிருந்து அடிவரைக்கும் 50 செ.மீ.க்கு நல்லா கம்மியா இருந்தா அது ஆழம் கம்மியான சட்டி, இந்த கழித்தல் பொருந்தாது. அப்போ அளவு தெரிஞ்ச 20 லிட்டர் பக்கெட்ல ஊத்தி எண்ணிடுங்க. பாதி பந்துன்னா வளைவு ஆரம்பிக்குற எடம்வரைக்கும் 13 பக்கெட் போகும்.

அகலத்தையும் நீங்களே உள்பக்கமா அளங்க, ரெண்டு செ.மீ. தப்பினா லிட்டர் நாலு சதவீதம் தப்பும். ஓவர்ஃப்ளோ பைப்புக்கு மேல இருக்குற உயரத்த கணக்குல சேக்காதீங்க. ராணிப்பேட்டைன்றதால இன்னொன்னும் கேட்டுக்கோங்க, தோல் ஷாப்ல கெமிக்கல் வெச்சிருந்த டேங்க்னா எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் மாட்டுக்கு வேணாம்.